ஓமத் தண்ணீரும் கைக்குழந்தையின் வயிறும்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தடுப்பூசிக்காக வரும் கைக்குழந்தைகளின் துணிப்பையைத் திறந்தால், மாற்றுத் துணி, பவுடர் டப்பா, பாலாடை ஆகியவற்றோடு, பெரும்பாலும் ஒரு சிறு குடுவையில் வெளிர்மஞ்சள் நிற நீரும் இருக்கும். மூடியைத் திறக்கும் முன்பே மணம் சொல்லிவிடும், அது ஓமத் தண்ணீர் என்று. மருத்துவர் கேட்டால் கண்டிப்பார் என்ற அச்சத்தில் பலரும் அதைப் பையின் அடியில் வைத்திருப்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், சிலர் கேட்டாலும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை கண்டிப்பதற்காக எழுதப்படவில்லை. பெரியவர்களுக்கு ஓரளவு பயன் தரக்கூடிய ஒரு பொருள், நான்கு கிலோ எடையுள்ள ஓர் உடலில் வேறுவிதமாக நடந்துகொள்வது ஏன் என்பதை விளக்குவதற்காக எழுதப்படுகிறது.

ஓமத்தின் மணத்துக்குக் காரணம் அதன் விதையில் உள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய். நல்ல ஓமத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு இந்த எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் பாதியளவு தைமால் என்னும் பொருள். நாக்கில் சுருக்கென்று காரமாக உறைப்பதும், தொண்டையில் இதமான சூடு பரவுவதும் தைமாலின் வேலையே. குடல் சுவரில் உள்ள தசைகளை இது ஓரளவு தளர்த்துகிறது என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. விருந்துக்குப் பின் வயிறு கனத்து, ஏப்பம் வராமல் தவிக்கும் ஒருவர் அரைக் கோப்பை ஓமத் தண்ணீர் குடித்ததும் ஏப்பம் விட்டு ஆறுதல் அடைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

பெரியவர்களுக்கு வீட்டில் தயாரிக்கும் முறையில் ஒரு சிறு பிழை பரவலாக இருப்பதால் அதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி ஓமத்தை இரண்டு குவளை நீரில் போட்டு, பாதியாகச் சுண்டும் வரை திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைப்பார்கள். தைமால் நீராவியோடு சேர்ந்து வெளியேறும் இயல்புடையது. வீடெங்கும் ஓமம் மணக்கிறது என்றால், குடிக்க வேண்டியவர் வயிற்றுக்குப் போக வேண்டியது அடுப்பங்கரைக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓமத்தை இலேசாக நசுக்கி, கொதித்து இறக்கிய ஒரு குவளை நீரில் போட்டு, தட்டு வைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டு வடிகட்டினால் போதும். உணவுக்குப் பின் அதைச் சிறிது சிறிதாகப் பருகலாம். குடற்புண் உள்ளவர்களுக்கும், புளித்த நீர் நெஞ்சுக்கு ஏறி எரியும் தொல்லை உள்ளவர்களுக்கும் இது எரிச்சலைக் கூட்டக்கூடும். அவர்கள் தவிர்ப்பது நல்லது. கருவுற்றிருப்போர் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேலே சொன்ன சிறு பிழையிலேயே நம் தலைப்பின் முதல் சிக்கல் மறைந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாட்டி, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ஓமத்தில் தயாரித்தாலும், இன்றைய ஓமத் தண்ணீரும் நாளைய ஓமத் தண்ணீரும் ஒரே வீரியத்தில் இருப்பதில்லை. விதை புதியதா பழையதா, முழுதாகப் போட்டார்களா நசுக்கிப் போட்டார்களா, மூடி வைத்தார்களா திறந்து வைத்தார்களா என்பதைப் பொறுத்து அதில் இறங்கும் தைமாலின் அளவு பல மடங்கு மாறும். பெரியவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருட்டல்ல. காரம் கூடினால் முகம் சுளித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். கைக்குழந்தைக்குக் கோப்பையைக் கீழே வைக்கும் வசதி இல்லை.

பாலாடையின் கணக்கு

சற்றுப் பொறுமையுடன் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி ஓமம் சுமார் 2 கிராம் இருக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று கொண்டால் 60 மில்லிகிராம் எண்ணெய். அதில் பாதி, அதாவது 30 மில்லிகிராம், தைமால். அது முழுவதும் 200 மில்லிலிட்டர் நீரில் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கோப்பை முழுவதையும் குடித்தால், அவருடைய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிகிராம் வீதம் தைமால் சேர்கிறது.

அதே கோப்பையிலிருந்து 25 மில்லிலிட்டர் எடுத்து, 3.6 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு பாலாடையில் புகட்டுகிறோம். பார்வைக்கு அது கோப்பையில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அதில் உள்ள தைமால் ஏறக்குறைய 3.75 மில்லிகிராம், குழந்தையின் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பெரியவர் ஒரு முழுக் கோப்பையில் பெற்றதைப் போல் இரண்டு மடங்கு. “கொஞ்சம்தான் கொடுத்தேன்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. கண் பாத்திரத்தைப் பார்த்து அளக்கிறது. உடலோ தன் எடையைப் பொறுத்து அளக்கிறது.

எடை மட்டுமே காரணமன்று. உள்ளே சென்ற தைமாலை வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த சில வாரங்களில் முழுத் திறனை எட்டியிருப்பதில்லை. தைமால் போன்ற பொருள்களைக் கல்லீரல் வேறொரு பொருளோடு பிணைத்து, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, சிறுநீர் வழியே அனுப்புகிறது. இப்படிப் பிணைக்கும் வழிகளுள் முக்கியமான ஒன்று பிறந்த குழந்தைகளிடம் மிக மெதுவாகவே இயங்கும். மாதங்கள் செல்லச் செல்லத்தான் வேகம் பெறும். பிறந்த குழந்தைகள் பலருக்குக் கண்ணில் மஞ்சள் படர்வதற்கும் இதே மெதுவான இயக்கம் ஒரு காரணம் என்று சொன்னால் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். சிறுநீரகமும் அவ்வாறே, அதன் வடிகட்டும் திறன் பெரியவர்களின் நிலையை எட்டுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். எனவே பெரியவர் உடலிலிருந்து விரைவில் வெளியேறும் பொருள் குழந்தையின் உடலில் நீண்ட நேரம் தங்கும். அடுத்த பாலாடை வரும்போது முந்தைய பாலாடையின் மிச்சம் இன்னும் உள்ளே இருக்கும்.

ஒரு குழந்தையின் பதினைந்து நாள்கள்

இப்போது ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

பிறந்தபோது அந்தப் பெண்குழந்தையின் எடை 3 கிலோ. தாய்ப்பால் மட்டுமே குடித்தாள். இருபத்தெட்டாம் நாள் எடை 3.6 கிலோ, மிக நல்ல வளர்ச்சி. அந்த வாரத்தில்தான் மாலை நேரத்து அழுகை தொடங்கியது. ஆறு மணி ஆனதும் முகம் சிவந்து, முட்டியை வயிற்றோடு மடக்கி, கைகளை இறுக மூடிக்கொண்டு வீறிட்டு அழுவாள். ஒன்பது மணிக்குத் தானே ஓய்வாள். மறுநாள் மாலை மீண்டும் தொடங்கும். வீட்டில் அனைவரும் கலங்கினர். பாட்டி ஓமத் தண்ணீர் வைத்தார். ஒரு பாலாடை புகட்டினார். குழந்தை சற்று அமைதியானாள்.

முதல் மூன்று நாள்கள் மாலையில் மட்டும் ஒரு பாலாடை. பிறகு காலையிலும் சேர்ந்தது. ஒரு வாரம் ஆனபோது, எப்போது அழுதாலும் முதலில் பாலாடைதான். குழந்தை பாலுக்கு அழுகிறாளா வயிற்றுவலிக்கு அழுகிறாளா என்ற ஐயமே வீட்டில் எழவில்லை. அழுகை என்றாலே வாயு என்று முடிவாகியிருந்தது. தாய்க்கு வயது இருபத்திரண்டு, முதல் பிரசவம். மாமியாரிடம் மறுத்துப் பேசும் நிலையில் அவர் இல்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் ஆறாம் வாரத் தடுப்பூசிக்காக வந்தார்கள். “இப்போ பரவாயில்லை டாக்டரம்மா. ராத்திரி முழுக்க நல்லா தூங்குறா. எழுப்பினாத்தான் பால் குடிக்கிறா” என்றார் பாட்டி, மனநிறைவோடு. எடை பார்த்தோம்: 3.66 கிலோ. பதினைந்து நாள்களில் 60 கிராம்தான் கூடியிருந்தது. இந்த வயதில் ஒரு குழந்தை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும். அந்தக் கணக்கில் 400 கிராமுக்கு அருகில் கூடியிருக்க வேண்டும். உள்ளங்காலைத் தட்டினாலும் சிணுங்கிவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டாள். நன்றாகத் தூங்குகிறாள் என்று வீட்டில் மகிழ்ந்தது தூக்கமன்று, சோர்வு.

வீட்டில் பயன்படுத்தும் பாலாடையை வாங்கி, நீர் நிரப்பி, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்தோம். 25 மில்லிலிட்டர் பிடித்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று பாட்டியோடு உட்கார்ந்து, காலை எழுந்தது முதல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். மூன்று நான்கு முறை என்று தொடங்கியவர், எண்ணி முடித்தபோது ஏழு என்று கண்டு தாமே வியந்தார். ஏழு பாலாடை என்றால் 175 மில்லிலிட்டர். இந்த எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பால் சுமார் 540 மில்லிலிட்டர். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை, சத்து எதுவும் இல்லாத நீர் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர் அளவுக்கு மாற்றிச் சொன்னபோதுதான் குடும்பத்தினருக்கு அதன் பருமன் தெரிந்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் பதினான்கு, பதினைந்து கோப்பை ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் என்னவோ அதுதான் இது.

இரத்தப் பரிசோதனையில் சோடியம் 127 இருந்தது. 135க்குக் குறையக்கூடாது. தாய்ப்பாலில் சோடியம் உட்பட உப்புகள் குழந்தைக்கு வேண்டிய அளவில் உள்ளன. வெறும் நீரில் அவை இல்லை. மிகுதியான நீரை விரைந்து வெளியேற்றும் திறன் இளம் சிறுநீரகத்துக்குக் குறைவு. எனவே நீர் உடலிலேயே தங்கி, இரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. முதலில் சோர்வு வரும். சோடியம் மேலும் குறைந்தால் வலிப்பு வரும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டாம் என்று தடுப்பூசி அட்டையிலும் சுவரொட்டியிலும் எழுதி வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓமம் இல்லாத வெந்நீரைக் கொடுத்திருந்தாலும் இந்தக் குழந்தைக்கு இதே நிலை வந்திருக்கும்.

குழந்தையை மூன்று நாள் சேர்த்து வைத்துக்கொண்டோம். மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லை. ஓமத் தண்ணீரை நிறுத்தினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால். உறிஞ்சச் சோர்ந்தபோது பீய்ச்சிய தாய்ப்பாலை அதே பாலாடையில் கொடுத்தோம். சோடியம் படிப்படியாக ஏறி மூன்றாம் நாள் இயல்புக்கு வந்தது. அடுத்த வாரம் எடை பார்த்தபோது நாளொன்றுக்கு 35 கிராம் வீதம் கூடியிருந்தது. மாலை நேரத்து அழுகை மட்டும் உடனே போய்விடவில்லை. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அழுகையும் அதன் காலமும்

நலமாக வளரும் ஒரு குழந்தை, வேறு நோய் எதுவும் இல்லாமல், நாள்தோறும் நெடுநேரம் தேற்ற முடியாதபடி அழுவதை மருத்துவத்தில் கோலிக் என்கிறோம். பிறந்து இரண்டு வாரங்கள் கழித்து அது தொடங்கும். ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்தை அடையும். மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாக ஓய்ந்துவிடும். ஏன் வருகிறது என்பதற்கு முழுமையான விடை இல்லை. குடல் முதிராமை, விழுங்கிய காற்று, நரம்பு மண்டலம் பழகிக்கொள்ளும் காலம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன.

ஓமத் தண்ணீரின் புகழுக்கு இந்தக் கால ஓட்டமே பெரிய துணை. அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பத்தினர் பொறுமை இழந்து ஏதேனும் கொடுக்கத் தொடங்குகிறார்கள். உச்சத்துக்குப் பின் இறக்கம் எப்படியும் வரும். அந்த இறக்கத்தின் போது கையில் ஓமத் தண்ணீர் இருந்தால் பெயர் ஓமத்துக்கு. வேறு சொட்டு மருந்து இருந்தால் பெயர் அந்த மருந்துக்கு. மருத்துவர்களாகிய நாங்களும் இந்த மயக்கத்துக்கு விலக்கல்லர். வாயுவுக்கென்று எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவும் இதே காற்றில் பறந்தவையே.

அழுகையின்போது நாக்கில் இனிப்போ, புதிய சுவையோ பட்டால் குழந்தை வியந்து சில நிமிடம் அழுகையை நிறுத்துவதும் உண்டு. பனங்கற்கண்டு கலந்த ஓமத் தண்ணீர் “உடனே கேட்டது” என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான். சில வீடுகளில் தேன் கலக்கிறார்கள். ஒரு வயது நிறையும் முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

அழும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றுவதில் இன்னோர் அபாயம் உண்டு. அழும்போது குழந்தை இடையிடையே ஆழமாக மூச்சை உள்ளிழுக்கிறது. அந்த நொடியில் வாயில் உள்ள திரவம் மூச்சுக்குழலுக்குள் போகலாம். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னத்தை அழுத்திப் பிடித்துப் புகட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உள்ளது. காரமான, எண்ணெய் கலந்த நீர் நுரையீரலுக்குள் போனால் அழற்சியும் சளிக்காய்ச்சலும் வரும். புகட்டிய பின் இருமல், மூச்சிரைப்பு, உதட்டில் நீலம் ஆகியவை தெரிந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

புட்டியில் வாங்கும் ஓமத் தண்ணீர்

வீட்டில் தயாரித்ததைவிடக் கடையில் வாங்கியது தூய்மையானது, ஆகவே குழந்தைக்கு ஏற்றது என்று எண்ணுவோர் மிகுதி. தூய்மை ஒருபுறம் இருக்கட்டும், வீரியத்தைப் பாருங்கள். ஓமத்தை நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்து இறக்குவது ஓமத் தீநீர். வீட்டில் காற்றோடு போய்விடும் அதே எண்ணெய் இங்கே பிடித்துவைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒரு கிராம் தைமால் கரையும். அந்த எல்லை வரை தைமால் ஏறிய தீநீர், நாம் மேலே கணக்கிட்ட வீட்டு ஓமத் தண்ணீரைவிட ஆறு மடங்குக்கு மேல் வீரியமானது. கரையாத எண்ணெய் இருந்தால் அது மேலே மெல்லிய படலமாக மிதக்கும். புட்டியைச் சாய்த்து ஊற்றும்போது முதலில் விழுவது அந்தப் படலமே.

நான் அஞ்சுவது இந்த மாற்றத்தைத்தான். வீட்டில் தயாரித்த ஓமத் தண்ணீருக்குப் பழகிய கை, ஒரு நாள் ஓமம் தீர்ந்துபோகவே கடைப் புட்டியை வாங்கி, அதே பாலாடையில் அதே அளவு ஊற்றுகிறது. பாத்திரம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. உள்ளே போகும் தைமாலோ பல மடங்கு. வாய், உணவுக்குழாய் எரிச்சல், வாந்தி, அளவு மீறிய மயக்கம் ஆகியவை இதனால் வரலாம். புட்டியில் பெரியவர்களுக்கான அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருந்தால், அதைப் பாதியாக்கியோ கால் பங்காக்கியோ குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று பொருளன்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இவ்வளவு கொடுத்தால் பாதுகாப்பு என்று சோதித்து நிறுவப்பட்ட அளவு எதுவும் கிடையாது.

ஓம உப்பு, பச்சைக் கற்பூரம், புதினா உப்பு மூன்றும் சேர்ந்து நீர்மமாக உருகிய சொட்டு மருந்து ஒன்று பல வீடுகளில் இருக்கும். இது ஓமத் தண்ணீர் அன்று. ஓம உப்பு என்பது தைமாலேதான், நீர் கலவாத தூய வடிவில். கூடவே உள்ள கற்பூரம் மிகச் சிறிய அளவிலும் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். ஒரு சொட்டும் வாயிலோ மூக்கிலோ விடக்கூடாது. கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தவறிக் கொடுத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

மாலை ஆறு மணிக்கு அழத் தொடங்கிய குழந்தைக்கு முதலில் பால் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு முன் குடித்திருந்தாலும் சரி. மார்பின் கருவளையத்தில் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் இருக்கிறதா என்று கவனியுங்கள். காம்பை மட்டும் பிடித்து உறிஞ்சினால் பாலோடு காற்றும் போகும். குடித்த பின் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, ஏப்பம் வரும் வரை முதுகைத் தடவிக் கொடுங்கள். துணி ஈரமா, ஆடை இறுக்கமா என்று பாருங்கள். கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு உதிரும் தலைமுடி ஒன்று குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் வீங்கிக் குழந்தை வீறிட்டழுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அழுகை நிற்கவில்லையென்றால், முன்கையின் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, வயிறு உங்கள் கையில் படும்படி தாங்கி, மெல்ல நடக்கலாம். தூளியில் இதமாக ஆட்டலாம். அறையின் வெளிச்சத்தைக் குறைக்கலாம். தாய் களைத்துப்போனால் வேறொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எரிச்சலில் குழந்தையைக் குலுக்கிவிடுவது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கும். அப்படியொரு கோபம் வருவதை உணர்ந்தால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் அறைக்கு வெளியே நிற்பது குற்றமன்று.

சில அழுகைகள் கோலிக் அல்ல. அவற்றுக்கு எந்தக் கை மருந்தும் தேடக் கூடாது. பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லைப் போல் உப்பிய வயிறு, தொடை இடுக்கில் வீக்கம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்டுங்கள். நான்கு, ஐந்து மாதங்களுக்குப் பின் புதிதாகத் தொடங்கி, விட்டுவிட்டு வீறிட்டழுது, இடையில் வெளுத்துச் சோர்ந்துபோகும் குழந்தைக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். அங்கே ஓமத் தண்ணீரால் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

பெரியவர்களுக்கும் இதே போன்றதோர் எச்சரிக்கை உண்டு. “வாயுக் குத்து” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்பவருக்கு வியர்வை, மூச்சுத் திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெளிவாகத் தெரியாமல் வெறும் செரியாமை போலவே தோன்றும். ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். செரியாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், உடல் மெலிந்தாலும், மலம் கறுத்தாலும், விழுங்கும்போது அடைத்தாலும் அதற்கு வேறு பரிசோதனைகள் தேவை.

வீட்டில் ஓமம் பயன்படவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பத்தியச் சமையலில் ஓமம் சேர்த்துத் தாய் சாப்பிடலாம். உணவுக்குப் பின் இலேசான ஓமத் தண்ணீர் அரைக் கோப்பை அவர் குடிப்பதால் தீங்கில்லை. குழந்தை ஆறு மாதம் கடந்து திட உணவுக்கு வந்த பிறகு, சமைக்கும் பருப்புக் கஞ்சியில் சிறு சிட்டிகை ஓமப்பொடி மணத்துக்குச் சேர்க்கலாம். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து குழந்தையின் வயிற்றில் ஒத்தடம் கொடுப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. பெரியவர் கைக்கு இதமான சூடு குழந்தையின் மெல்லிய தோலைக் கொப்புளமாக்கிவிடும்.

அந்தப் பெண்குழந்தையின் மாலை அழுகை மேலும் ஐந்து வாரம் நீடித்தது. ஒவ்வொரு வாரமும் பாட்டியே அவளைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வந்தார். அட்டையில் கோடு மேலே ஏறுவதைத் தாமே விரல் வைத்துப் பார்த்துக்கொள்வார். மூன்றாம் மாத முடிவில் அழுகை குறைந்து நின்றது. “எதுவுமே கொடுக்கல டாக்டரம்மா, தானா நின்னுடுச்சு” என்றார். பையின் அடியில் அந்தக் குடுவை இன்னும் இருந்தது. தமக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பதற்கு என்று, நான் கேட்கும் முன்பே சொன்னார்.